டெண்டர் கடைசித் தேதியை நீட்டிக்கக் கேட்டது: ஒரு நீரேற்று நிலையப் பணியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

நீரேற்று நிலையம் ஒன்றுக்குப் பம்புகள், மோட்டார்கள், மின்பலகை ஆகியவற்றை வாங்கி நிறுவித் தருவதற்கான திறந்த டெண்டர் இது. நடுத்தர அளவுள்ள ஓர் ஒப்பந்த நிறுவனம் இதில் கலந்துகொண்டது. மூன்று பம்புகள் ஓட வேண்டும், ஒன்று இருப்பில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பம்பும் மணிக்கு 180 கனமீட்டர் தண்ணீரை 42 மீட்டர் ஹெட்டில், அதாவது அவ்வளவு உயரத்துக்கு ஏற்றத் தேவையான அழுத்தத்தில், தள்ள வேண்டும் என்று தொழில்நுட்பக் குறிப்பு சொன்னது.

டெண்டர் வெளியான நாளை 1ஆம் நாள் என்று வைத்துக்கொள்வோம். டெண்டர் போடுமுன் சந்தேகங்களைக் கேட்பதற்கான ப்ரீ-பிட் கூட்டம் 10ஆம் நாள். எழுத்தில் கேள்வி அனுப்பக் கடைசி 21ஆம் நாள். பதில்களை 25ஆம் நாளுக்குள் தருவதாக வாங்கும் அலுவலகம் ஆவணத்திலேயே எழுதியிருந்தது. 35ஆம் நாள் பிற்பகல் 2 மணிக்கு இணையதளத்தில் டெண்டர் மூடப்படும்.

பின்னால் முக்கியமாகிவிட்ட இரண்டு நிபந்தனைகளை இங்கேயே சொல்லிவிடலாம். பம்பைத் தாங்களே தயாரிக்காதவர்கள் தயாரிப்பாளரின் அங்கீகாரக் கடிதத்தை இணைக்க வேண்டும். அந்தக் கடிதத்தில் டெண்டர் எண்ணும் பம்பின் மாடலும் இருக்க வேண்டும், அசல் வேண்டும். இது இல்லாத டெண்டர் விலை திறக்கும் கட்டத்துக்கே போகாது. அடுத்தது, டெண்டர் மூடும் நாளிலிருந்து 120 நாட்களுக்கு விலை செல்லுபடியாக இருக்க வேண்டும். பிணையாகத் தரும் வங்கி உத்தரவாதம் அதற்கு மேலும் 28 நாட்கள் உயிரோடு இருக்க வேண்டும்.

என்ன கவனிக்கப்பட்டது

16ஆம் நாள் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் குறிப்பையும் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். உறிஞ்சு கிணற்றின் மிகத் தாழ்ந்த நீர்மட்டம் 12.5 மீட்டர் என்று வரைபடம் காட்டியது. தண்ணீர் போய் விழும் மேல்நிலைத் தொட்டியின் மட்டம் 58.5 மீட்டர். உயர வித்தியாசம் மட்டுமே 46 மீட்டர். குழாயில் உராய்வால் வரும் இழப்பை இன்னும் சேர்க்கவே இல்லை. அப்படியிருக்க 42 மீட்டர் ஹெட் உள்ள பம்பு தொட்டியின் வாயைக்கூட எட்டாது.

17ஆம் நாள் இணையதளத்தின் கேள்விப் பகுதி வழியாக, வரைபட எண்ணையும் இரு மட்டங்களையும் குறிப்பிட்டு, சரியான ஹெட் எது என்று நிறுவனம் கேட்டது. கேள்வி தெளிவாகத்தான் இருந்தது. பதில் வந்தபின் அதைச் செயல்படுத்த எவ்வளவு காலம் தேவைப்படும் என்பது மட்டும் அதில் இல்லை.

25ஆம் நாள் கடந்தும் பதில் வரவில்லை. 28ஆம் நாள் மாலை 4 மணிக்குத் திருத்த அறிவிப்பு எண் 2 வெளியானது. ஹெட் 58 மீட்டர் என்று மாற்றப்பட்டிருந்தது. கடைசித் தேதி மாற்றப்படவில்லை. மீதமிருந்தது 7 நாட்கள், அதில் 33, 34 ஆகிய இரண்டும் வார விடுமுறை.

இது காகிதத்தில் ஓர் எண்ணை மாற்றுவதோடு முடிகிற காரியமில்லை. மணிக்கு 180 கனமீட்டர் என்றால் விநாடிக்கு 0.05 கனமீட்டர். 42 மீட்டர் ஹெட்டுக்கு நீருக்குத் தர வேண்டிய திறன் சுமார் 20.6 கிலோவாட். பம்பின் செயல்திறனை 75 சதவீதம் என்று கொண்டால் அதைச் சுழற்றும் தண்டில் 27.5 கிலோவாட் வேண்டும், 37 கிலோவாட் மோட்டார் தாராளமாகப் போதும். 58 மீட்டருக்கு அதே கணக்கு 28.4 கிலோவாட்டில் தொடங்கித் தண்டில் 37.9 கிலோவாட்டில் போய் நிற்கிறது. 37 கிலோவாட் மோட்டார் போதாது, அடுத்த நிலையான அளவான 45 கிலோவாட்டுக்குப் போக வேண்டும். மோட்டார் மாறினால் ஸ்டார்ட்டர், கேபிள், மின்பலகை எல்லாம் கூடவே மாறும். ஏற்கெனவே கையிலிருந்த பம்பு மாடல் இந்த ஹெட்டை எட்டாததால், அந்த மாடல் பெயரில் வாங்கி வைத்திருந்த அங்கீகாரக் கடிதமும் பயனற்றுப்போனது.

நீட்டிப்புக் கேட்கலாமா என்ற முடிவு

நிறுவனத்துக்குள் இரண்டு கருத்துகள் இருந்தன. நீட்டிப்புக் கிடைத்தால் போட்டியாளர்களுக்கும் அதே நாட்கள் கிடைக்கும், நாம் ஏன் அவர்களுக்கு உதவ வேண்டும் என்று விற்பனைப் பிரிவு கேட்டது. இந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் 35ஆம் நாளுக்குள் அசல் கடிதம் வராது என்பது உறுதியாகத் தெரிந்திருந்தது. கடிதம் இல்லாமல் டெண்டர் போடுவதும் போடாமல் இருப்பதும் ஒன்றுதான்.

ஆவணத்தை மறுபடி படித்ததில், ‘திருத்தத்தைக் கணக்கில் கொள்ள நியாயமான அவகாசம் தரும் பொருட்டு வாங்குபவர் கடைசித் தேதியை நீட்டிக்கலாம்’ என்ற வழக்கமான வரி கிடைத்தது. இந்த வரி ஏறக்குறைய எல்லா டெண்டர் ஆவணங்களிலும் இருக்கும். காரணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்துக் கொள்முதல் விதிகள் நீட்டிப்பை இரண்டாகப் பிரிக்கின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். ஐ.நா. சர்வதேச வர்த்தகச் சட்ட ஆணையத்தின் 2011 மாதிரிச் சட்டத்தில், வாங்குபவரே ஆவணத்தை மாற்றினால் தேவையான இடத்தில் கடைசித் தேதியை நீட்டிப்பது கடமை. டெண்டர் போடுபவரின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட சூழ்நிலை காரணமானால் நீட்டிப்பது முழுக்க வாங்குபவரின் விருப்பம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014 பொதுக் கொள்முதல் ஆணையும், ஆவணத்தில் கணிசமான மாற்றம் செய்தால் மாற்றத்தின் முக்கியத்துவத்துக்கு ஏற்ற அளவில் நீட்டிக்க வேண்டும் என்கிறது. இந்த டெண்டர் அந்தச் சட்டங்களின் கீழ் வந்ததல்ல. இருந்தாலும் வாங்கும் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் யோசிக்கும் முறை இதுவேதான். அதனால் கோரிக்கையை முதல் வகையில் நிறுத்துவது என்று முடிவாயிற்று.

கைவிடப்பட்ட முதல் வரைவு

29ஆம் நாள் காலை எழுதப்பட்ட முதல் வரைவு 21 நாட்கள் கேட்டது. அதில் நான்கு காரணங்கள் இருந்தன: ஹெட் மாறியது, மதிப்பீட்டுப் பொறியாளர் விடுப்பில் இருந்தது, அதே வாரத்தில் இன்னொரு டெண்டர் இருந்தது, கேபிள் விலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பின்னால் சொன்ன மூன்றும் வெட்டப்பட்டன. அவை பொய் என்பதால் அல்ல, அவை அந்த நிறுவனத்தின் சொந்தப் பாடு என்பதால். ஒருவருடைய ஆள் பற்றாக்குறைக்காகத் தேதியை மாற்றினால், நேரத்துக்குத் தயாரான மற்றவர்கள் புகார் செய்ய இடம் உண்டு. கோப்பில் அதை நியாயப்படுத்தி எழுத அதிகாரிக்கும் வழி இராது. நல்ல காரணத்தோடு பலவீனமான காரணங்களைச் சேர்த்துக் கொடுத்தால் அதிகாரியின் கண் பலவீனமானதில்தான் போய் நிற்கும். ‘உங்கள் பணிச்சுமைக்காக நீட்டிக்க இயலாது’ என்று ஒற்றை வரியில் மறுத்துவிட்டால், ஹெட் மாறிய விஷயம் அதோடு அடிபட்டுப்போகும்.

21 நாட்கள் என்ற எண்ணும் வெட்டப்பட்டது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இல்லாத எண் அது. அதற்குப் பதிலாகப் பம்புத் தயாரிப்பாளரிடம் அன்று காலையே மின்னஞ்சலில் மூன்று கேள்விகள் கேட்கப்பட்டன: புது மாடல் எது, விலையும் செயல்திறன் வளைவும் தர எத்தனை வேலை நாள், கையெழுத்திட்ட கடிதம் வர எத்தனை நாள். மதியத்துக்குள் பதில் வந்தது. விலையும் வளைவும் 29ஆம் நாளையும் சேர்த்து 5 வேலை நாட்களில், அதாவது 35ஆம் நாள் முடிவில். கடிதம் தலைமை அலுவலகத்தில் கையெழுத்தாக அதன்பின் 2 வேலை நாட்கள், 37ஆம் நாள். அசல் கூரியரில் வர 3 வேலை நாட்கள், 40, 41 விடுமுறை என்பதால் 42ஆம் நாள். எல்லாவற்றையும் சேர்த்துச் சரிபார்த்துப் பதிவேற்ற 2 நாட்கள், 44ஆம் நாள். ஆக 45ஆம் நாள் கேட்கலாம், 10 நாட்கள் நீட்டிப்பு. மின்பலகையின் விலையை மோட்டார் அளவை வைத்தே இணையாக வாங்கிவிடலாம் என்பதால் அது கணக்கை நீட்டவில்லை.

அனுப்பிய கடிதம்

29ஆம் நாள் பிற்பகல் 3 மணிக்குக் கோரிக்கை போனது. ஆவணத்தில் தொடர்புக்கென்று குறிப்பிட்டிருந்த அதிகாரியின் பெயருக்கு, இணையதளத்தின் செய்திப் பகுதி வழியாகவே அனுப்பப்பட்டது. திட்டப் பொறியாளரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசலாம் என்ற யோசனை ஏற்கப்படவில்லை. டெண்டர் நடக்கும்போது வாய்மொழியாகப் பேசியது எந்தக் கோப்பிலும் ஏறாது, மற்றவர்கள் கண்ணில் பட்டால் சந்தேகத்துக்கும் இடமாகும்.

கடிதத்தின் உடல் பகுதி இவ்வளவுதான்:

“ஐயா, திருத்த அறிவிப்பு எண் 2 (28ஆம் நாள்) பம்பின் ஹெட்டை 42 மீட்டரிலிருந்து 58 மீட்டராக மாற்றியுள்ளது. இது குறித்து நாங்கள் 17ஆம் நாள் எழுப்பிய கேள்வியைக் கீழே இணைத்துள்ளோம். இம்மாற்றத்தால் பம்பு மாடலும் மோட்டார் அளவும் மாறுகின்றன. எனவே டெண்டர் ஆவணம் கோரும் தயாரிப்பாளர் அங்கீகாரக் கடிதத்தைப் புதிய மாடலுக்குப் பெற வேண்டியுள்ளது. இந்நிலை எல்லா டெண்டர்தாரர்களுக்கும் பொதுவானது. தயாரிப்பாளர் தந்துள்ள கால அளவை இணைப்பு 2இல் காணலாம். அதன்படி கடைசித் தேதியை 45ஆம் நாள் பிற்பகல் 2 மணிக்கு மாற்றியமைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அசல் கடிதத்துக்குப் பதில் நகலை முதலில் ஏற்க இயலுமானால் இதைவிடக் குறைந்த நாட்களே போதும். 32ஆம் நாளுக்குள் தங்கள் முடிவு தெரிந்தால் உதவியாக இருக்கும்.”

(உண்மைக் கடிதத்தில் நாட்களுக்குப் பதில் தேதிகள் இருந்தன.)

இணைப்பு 2 ஒரே பக்கம். நான்கு நெடுவரிசைகள் கொண்ட அட்டவணை: வேலை, யார் செய்வது, எத்தனை வேலை நாள், எந்தத் தேதியில் முடியும். அதன் கீழே தயாரிப்பாளரின் மின்னஞ்சல், விலை தொடர்பான வரிகள் மறைக்கப்பட்டு.

கடைசிக்கு முந்தைய வரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதைச் சேர்த்தால் கேட்டது குறைந்துவிடும் என்று உள்ளே ஆட்சேபம் இருந்தது. ஆனால் வாங்கும் அலுவலகத்துக்கும் தன் கால அட்டவணை உண்டு. மதிப்பீட்டுக் குழு கூடும் நாள், நிதி ஒப்புதலின் காலம் எல்லாம் அதைக் கட்டிப்போட்டிருக்கும். 10 நாட்கள் அல்லது மறுப்பு என்று இரண்டே கதவுகளை வைத்தால் மறுப்பே எளிது. மூன்றாவது வழி ஒன்றை நாமே காட்டுவது அதிகாரியின் வேலையைக் குறைக்கிறது.

பதில் வரும்வரை

கோரிக்கை அனுப்பியதால் கடைசித் தேதி நின்றுவிடுவதில்லை. பதில் வராமலே தேதி கடந்துபோன டெண்டர்கள் ஏராளம். அதனால் பழைய தேதிக்கே டெண்டர் போடும் வேலையும் நிற்காமல் நடந்தது. 58 மீட்டருக்கு ஏற்ற மாடலைக் கையிருப்புப் பட்டியலில் வைத்திருந்த இன்னொரு தயாரிப்பாளரிடம் விலை கேட்கப்பட்டது. அவருடைய கிளை அலுவலகத்துக்கே கடிதத்தில் கையெழுத்திடும் அதிகாரம் இருந்ததால், அசல் 34ஆம் நாளுக்குள் வந்துவிடும். விலை அதிகம்தான். ஆனாலும் தகுதி இழக்காத ஒரு டெண்டர் கையில் இருந்தது.

32ஆம் நாள் மாலை 5 மணிக்குத் திருத்த அறிவிப்பு எண் 3 எல்லோருக்கும் வெளியானது. கேட்டவர் பெயர் அதில் இல்லை, இருக்கவும் கூடாது. கடைசித் தேதி 42ஆம் நாள் பிற்பகல் 2 மணிக்கு மாற்றப்பட்டது, அதாவது 7 நாட்கள் நீட்டிப்பு. அங்கீகாரக் கடிதத்தின் நகலைப் பதிவேற்றினால் போதும், அசல் அதன்பின் 7 நாட்களுக்குள் வந்து சேர வேண்டும் என்ற புது வரியும் இருந்தது. நகல் ஏற்கப்பட்டதால் கூரியருக்கான நாட்கள் கணக்கிலிருந்து விழுந்தன. 37ஆம் நாள் நகல் வரும், 38, 39 சரிபார்ப்புக்கு, 42ஆம் நாள் மூடல். கேட்ட 10 கிடைக்காவிட்டாலும் கிடைத்த 7 போதுமானதாக இருந்தது.

நீட்டிப்புக்குப் பின் கவனிக்க வேண்டியிருந்தவை

தேதி நகர்ந்தால் அதோடு கட்டிய மற்றத் தேதிகளும் நகரும். திருத்த அறிவிப்பு அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்வதில்லை, இந்த அறிவிப்பும் சொல்லவில்லை.

முதலில் வங்கி உத்தரவாதம். அது 24ஆம் நாளே வாங்கப்பட்டிருந்தது. முடியும் நாள் 35உடன் 148ஐக் கூட்டி 183ஆம் நாள் என்று எழுதப்பட்டிருந்தது. புதிய மூடல் நாளின்படி அது 190ஆம் நாளாக இருக்க வேண்டும். 7 நாள் குறைவு. குறைந்த காலத்துக்கான உத்தரவாதம் பெரும்பாலான ஆவணங்களின்படி திருத்திக்கொள்ள முடியாத குறை, டெண்டர் நேராகத் தள்ளுபடி. வங்கியில் திருத்தக் கடிதம் கேட்டு 35ஆம் நாள் விண்ணப்பித்து 37ஆம் நாள் வாங்கப்பட்டது. புது உத்தரவாதம் எடுப்பதைவிட, பழையதன் முடியும் தேதியை மாற்றும் திருத்தம் விரைவாகவும் குறைந்த கட்டணத்திலும் கிடைக்கும்.

அடுத்து அங்கீகாரக் கடிதம். 37ஆம் நாள் வந்த நகலில் மாடல் சரியாக இருந்தது. ஆனால் ‘திருத்த அறிவிப்பு எண் 1 வரை’ என்று பழைய வார்ப்பிலிருந்து ஒரு வரி அப்படியே வந்திருந்தது. அன்றே திருப்பி அனுப்பி, மறுநாள் சரியான நகல் வாங்கப்பட்டது. சரிபார்ப்புக்கென்று ஒதுக்கிய இரண்டு நாட்களில் ஒன்று இதில் போயிற்று.

துணை விற்பனையாளர்களின் விலைகளில் இரண்டு, பழைய மூடல் நாளிலிருந்து 120 நாட்களுக்குத்தான் செல்லும் என்று எழுதப்பட்டிருந்தன. மின்னஞ்சலில் ஒரு வரி உறுதிமொழியோடு அது தீர்ந்தது. மூன்று திருத்தங்களையும் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடும் படிவம் புதிதாக நிரப்பப்பட்டது.

விளைவு

39ஆம் நாள் மாலை டெண்டர் பதிவேற்றப்பட்டது. 42ஆம் நாள் ஐந்து டெண்டர்கள் திறக்கப்பட்டன. இந்த நிறுவனத்தின் டெண்டர் தொழில்நுட்ப ஆய்வைக் கேள்வியின்றித் தாண்டியது. அசல் கடிதம் மூடலுக்குப் பின் மூன்றாம் நாள் ஒப்படைக்கப்பட்டது. ஐந்தில் ஒன்று, உத்தரவாதம் 7 நாள் குறைவாக இருந்ததால் ஒதுக்கப்பட்டது என்று மதிப்பீட்டு முடிவு அறிவிப்பில் இருந்தது. விலையில் இந்த நிறுவனம் இரண்டாவதாக வந்தது, வேலை வேறொருவருக்குப் போனது. மாற்று ஏற்பாடாக வைத்திருந்த தயாரிப்பாளரின் விலையில் போட்டிருந்தால் நான்காவதாக வந்திருக்கும்.

இனி மாற்றிக்கொள்பவை

நீர்மட்டங்களையும் ஹெட்டையும் ஒப்பிடும் வேலை டெண்டர் வாங்கிய முதல் வாரத்துக்கு நகர்த்தப்பட்டுள்ளது. அதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. 10ஆம் நாள் ப்ரீ-பிட் கூட்டத்திலேயே இந்தக் கேள்வி எழுந்திருந்தால் நீட்டிப்புக்கே அவசியம் வந்திருக்காது. கேள்வி தாமதமாகக் கேட்கப்பட்டது என்று அலுவலகம் சொல்லவும் இடமில்லாமல் போயிருக்கும். இந்த முறை 21ஆம் நாள் கெடுவுக்குள் கேட்டிருந்ததால்தான் அந்த வாதம் எழவில்லை.

விளக்கக் கேள்விகளின் இறுதியில் இப்போது ஒரு வாக்கியம் சேர்க்கப்படுகிறது: “இதற்கான பதில் பம்புத் தேர்வை மாற்றக்கூடும், மாறினால் பதில் கிடைத்தபின் எங்களுக்கு இத்தனை வேலை நாட்கள் தேவைப்படும்.” பிறகு நீட்டிப்புக் கேட்கும்போது அது திடீர்க் கோரிக்கையாக இராது, முன்பே எழுத்தில் சொன்னதன் தொடர்ச்சியாக இருக்கும். ஆவணம் சொன்ன நாளில் பதில் வராவிட்டால் மறுநாள் காலையே நினைவூட்டல் போகிறது. 26ஆம் நாள் அப்படி ஒன்று போயிருந்தால், தாமதம் யாருடையது என்பதும் கோப்பில் பதிவாகியிருக்கும்.

அங்கீகாரக் கடிதத்தை ஒற்றை மாடலுக்கு வாங்காமல், ஒரு மாடல் வரிசைக்கே வாங்க முடியுமா என்று தயாரிப்பாளர்களிடம் தொடக்கத்திலேயே கேட்கப்படுகிறது. எல்லோரும் ஒத்துக்கொள்வதில்லை, சில டெண்டர் ஆவணங்களும் அதை ஏற்பதில்லை. வங்கி உத்தரவாதத்தில், அனுமதிக்கும் ஆவணங்களில், தேவையான நாட்களுக்கு மேல் 30 நாட்கள் கூட்டி எடுக்கப்படுகிறது. அதற்கு ஆகும் கூடுதல் கட்டணம் திருத்தக் கட்டணத்தோடு ஒப்பிடச் சிறியது.

கோரிக்கைக் கடிதத்தின் அமைப்பு மட்டும் மாற்றப்படவில்லை. எந்தத் திருத்தம், அதனால் எந்த ஆவணம் செல்லாமல் போனது, அதைப் புதிதாகப் பெற எத்தனை நாள், அதற்குச் சான்று, கேட்கும் புதிய தேதியும் நேரமும் என்ற அதே வரிசையில்தான் அடுத்த டெண்டர்களுக்கும் எழுதப்படுகிறது.